வேலை கேட்டல் வேறு, வேலையை அறிதல் வேறு

எமது கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, பழந்தமிழ் நூல்களுள் ஒன்றைப் பற்றி எழுதுவோம் என்றே முதலில் எண்ணினோம். தமிழாசிரியர் ஒருவரிடம் அன்பர்கள் எதிர்பார்ப்பதும் அதுவே. ஆயினும், கடந்த சில ஆண்டுகளாக மாலை வேளைகளில் எம் வீட்டு விறாந்தைக்கு வந்து செல்லும் இளம் பட்டதாரிகளின் முகங்கள் அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டன. அவர்களோடு பேசியும் அவர்களுக்காகப் பிறரிடம் கேட்டும் நாம் அறிந்துகொண்ட ஒரு சிறு வழியை இங்கு எழுதுகின்றோம்.

இவர்கள் தத்தம் குடும்பத்திலே முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படி ஏறியவர்கள். ஒருவரின் தந்தையார் கொடிகாமச் சந்தையில் தேங்காய் வியாபாரி; இன்னொருவரின் தந்தையார் மேசன்; மற்றொருவரின் தாயார் தையல் தைத்துப் பிள்ளையைப் படிப்பித்தவர். பட்டமளிப்பு விழாவில் எடுத்த படம் வீட்டுச் சுவரிலே தொங்குகின்றது. அப்படத்தின் கீழ் அமர்ந்து பட்டதாரிப் பிள்ளை நியமனக் கடிதத்துக்குக் காத்திருக்கின்றது. எம்மிடம் வருவோர் யாவரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தையே சொல்வர்: “சேர், எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது.”

சிபாரிசு செய்வதற்கு ஆள் இல்லை என்பதே இதன் பொருள் என நாம் நெடுங்காலம் கருதியிருந்தோம். அது பாதி உண்மையே. உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளை இரவுச் சாப்பாட்டின்போதே பல தொழில்களின் உள்விவரங்களைக் கேட்டு வளர்கின்றது. மாமனார் கந்தோரில் நடந்த கணக்காய்வு, சிற்றப்பா எழுதிய கேள்விப்பத்திரம், அயல்வீட்டார் போன களப்பயணம் என்பன அதன் காதில் விழுகின்றன. எந்த வேலையில் எவர் என்ன செய்கின்றார் என்பதை அது படியாமலே படித்துக்கொள்கின்றது. எம்மிடம் வரும் பிள்ளைகளோ நான்கு தொழில்களையே அறிவர்: ஆசிரியர், கிராம அலுவலர், வங்கி எழுதுநர், அபிவிருத்தி உத்தியோகத்தர். இந்நான்கையுமே இவர்கள் கண்ணாற் கண்டிருக்கின்றனர். காணாத தொழிலுக்கு எவரும் விண்ணப்பிப்பதில்லை. ஆகவே இவர்களுக்கு முதலில் வேண்டுவது சிபாரிசு அன்று, செய்தியே.

இதனை நாம் ஒரு பிழையினாற் கற்றோம். பல ஆண்டுகளின் முன் கணிதத்திலே சிறந்த சித்தி பெற்ற மாணவி ஒருவர் எம்மிடம் யோசனை கேட்க வந்தார். “பிள்ளை, பெண்பிள்ளைக்கு ஆசிரியத் தொழிலே நல்லது” என்று தயக்கமின்றிச் சொல்லிவிட்டோம். அவர் இன்று நல்ல ஆசிரியை. ஆனால், காப்புறுதி நிறுவனங்களில் இடர்களைக் கணக்கிடுவதற்கென்றே கணிதம் கற்றோர் இருக்கின்றனர் என்பதைப் பின்னாளிற் கேள்விப்பட்டபோது எம் மனம் உறுத்திற்று. அத்தொழிலை அவருக்குத் தகாதென்று நாம் தள்ளவில்லை. அப்படி ஒன்று உண்டென்பதையே அறியாதிருந்தோம். பயிற்றப்பட்ட ஆசிரியராகிய எமக்குத் தெரிந்த உலகமும் அந்நான்கு தொழில்களின் எல்லைக்குள்ளேயே இருந்தது.

அப்படியாயின் செய்தி எங்கிருந்து வரும்? அமெரிக்க சமூகவியலாளராகிய மார்க் கிரனோவெற்றர் என்பார் மசச்சூசெற்ஸ் மாநிலத்து நியூற்றன் நகரில் வேலை மாறியவர்களை ஆராய்ந்து 1973 இல் ஒரு கட்டுரையும் 1974 இல் ஒரு நூலும் வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை, அத்தெரிந்தவரை எத்துணை அடிக்கடி கண்டு வந்தீர் என அவர் கேட்டார். அடிக்கடி கண்டு பழகியவர் மூலம் பெற்றோர் நூற்றுக்கு 17 பேரளவினரே. எப்போதாவது காண்பவர் மூலம் பெற்றோர் 56 பேரளவினர். அரிதாகவே காண்பவர் மூலம் பெற்றோர் 28 பேரளவினர். காரணம் எளிது. நெருங்கிய உறவினரும் நண்பரும் நாம் அறிந்ததையே அறிவர். சற்று அகன்று நிற்பவரே நாம் அறியாத இடத்தின் செய்தியை அறிவர். லிங்ட்இன் என்னும் இணையத் தளத்தில் ஏறக்குறைய இரண்டு கோடிப் பேரை வைத்து நடத்திய பரிசோதனை ஒன்று 2022 இல் வெளியாயிற்று. மிகமிகத் தளர்ந்த தொடர்புடையவரினும், மிக நெருங்கியவரினும், ஓரளவு தளர்ந்த தொடர்புடையவரே வேலை மாற்றத்துக்கு மிகவும் உதவினர் என்பது அதன் முடிபு. நியூற்றன் எம் ஊர் அன்று. அங்குள்ள கணக்கை இங்கு அப்படியே பொருத்துதல் கூடாது. எனினும், உறவினருள் உத்தியோகத்தர் இல்லை என்பதால் எல்லாக் கதவும் அடைபட்டது என்று கொள்ள வேண்டியதில்லை. ஒரே கல்லூரியில் வேறு வேறு ஆண்டுகளிற் படித்தவர் என்னும் சிறு தொடர்பே போதிய நூல் ஆகலாம்.

இனி, எம் மாணவர் ஒருவர் 2023 ஆம் ஆண்டில் நடந்த வழியைச் சொல்வோம். அவரைத் தம்பி என்றே குறிப்போம். மேலே சொன்ன தேங்காய் வியாபாரியின் மகன் அவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் புவியியலைச் சிறப்புப் பாடமாகக் கற்றவர். பட்டம் பெற்று எட்டு மாதங்களாகச் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக்கொடுத்துக் காலம் போக்கினார்.

முதலில், பட்டப் பெயரை மறந்துவிட்டு, கைகள் செய்த வேலையை எழுதும்படி அவரைக் கேட்டோம். “புவியியற் பட்டதாரி” என்னும் சொல் எவருக்கும் எதையும் அறிவிப்பதில்லை. அவர் தம் ஆய்வுக்காகக் கடனீரேரியை அடுத்த 42 கிணறுகளுக்குச் சென்று, மாரிமழைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் நீரின் உப்புத்தன்மையைக் கருவி கொண்டு அளந்திருந்தார். கிணறுகளின் இடத்தைக் கைத்தொலைபேசியிற் குறித்து, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளிற் படமாக வரைந்திருந்தார். இவற்றுள் எது பிடித்தது என வினவினோம். “படம் கீறினது, சேர். எழுதினதுதான் கஷ்டம்” என்றார். தேட வேண்டிய பொருள் அக்கணமே புலப்பட்டது: இடங்களையும் அளவுகளையும் படமாக்கும் வேலையை எவரெவர் சம்பளம் பெற்றுச் செய்கின்றனர்?

அடுத்து, ஒரு கொப்பியில் நான்கு நிரல்கள் கீறச் செய்தோம்: பெயர், எம்மோடு என்ன தொடர்பு, என்ன வேலை, எழுதிய திகதி. ஒருவரையும் தெரியாது என்றவர் மூன்று நாளில் 17 பெயர்களோடு வந்தார். சங்கத்தின் அங்கத்தவர் பதிவேட்டிற் கிடைத்தவர் சிலர். பல்கலைக்கழகத்திலே தமக்கு மூத்த வகுப்பிற் படித்தோர் சிலர். விரிவுரையாளர் சொல்லிய பெயர்கள் சில. கோயிற் திருவிழாவுக்கு ஊர் வந்து போகும் கொழும்புக்காரர் இருவர். எம்மை வியக்கச் செய்த பெயர் ஒன்றும் இருந்தது. தந்தையாரிடம் வாரந்தோறும் தேங்காய் வாங்கும் ஒருவர், நீர் வழங்கல் சபையில் வேலை பார்ப்பவராம். ஆறு ஆண்டுகளாக விலை மட்டுமே பேசிய தந்தையாருக்கு அவருடைய உத்தியோகம் தெரியும். அஃது ஒரு தொடர்பு என்பதுதான் தெரியவில்லை.

மூன்றாவது, கடிதம். தம்பி எழுதிக் கொணர்ந்த முதற் கடிதத்தில், தம் குடும்ப நிலையை ஒரு பக்கம் எழுதி, “ஏதாவது ஒரு வேலை தந்து உதவுமாறு” வேண்டியிருந்தார். சுயவிவரக் கோவையையும் இணைத்திருந்தார். இக்கடிதத்தைப் பெறுபவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் கையில் கொடுப்பதற்கு வேலை இல்லை. இல்லை என்று எழுத மனம் வருவதில்லை; ஆகவே அவர் பேசாதிருப்பார். கேட்டவரோ, கல்நெஞ்சர் என்று எண்ணி நொந்துகொள்வார். கொடுக்க முடியாததைக் கேட்டமையே இரு பக்கத்துக்கும் இடர். எவரிடமும் உள்ளதும், கொடுத்தாற் குறையாததும் ஆகிய பொருள் ஒன்று உண்டு. அது தம் வேலையைப் பற்றி அவர் அறிந்தது. அதையே கேட்கும்படி கடிதத்தைத் திருத்தினோம். அது வருமாறு:

“மதிப்புக்குரிய ஐயா, நான் எமது கல்லூரியில் 2016 ஆம் ஆண்டு உயர்தரம் பயின்றவன். தங்கள் பெயரைப் பழைய மாணவர் பதிவேட்டிற் கண்டேன். புவியியல் கற்று, எம் பகுதியின் 42 கிணறுகளின் உப்புத்தன்மையைப் படமாக்கினேன். தாங்கள் பார்க்கும் நில அளவைத் தொழில் நாளாந்தம் எவ்வாறு நடைபெறுகின்றது என அறிய விரும்புகின்றேன். தங்களுக்கு வசதியான ஒரு நாளில், நேரிலோ தொலைபேசியிலோ 20 நிமிடம் பேச இசைவீர்களா? வேலை கேட்டு இதை எழுதவில்லை. இத்தொழில் எனக்குப் பொருந்துமா எனத் தெளிதலே என் நோக்கம்.”

இதிலே நான்கு செய்திகள் உள்ளன: நான் யார், ஏன் தங்களுக்கு எழுதுகின்றேன், என்ன செய்திருக்கின்றேன், எவ்வளவு நேரம் வேண்டும். சுயவிவரக் கோவை இணைக்கப்படவில்லை. அதனை இணைத்தவுடன் கடிதம் விண்ணப்பம் ஆகிவிடும். வேலை கேட்கவில்லை என்னும் வாக்கியமும் பொய்யாகிவிடும்.

தம்பி 12 பேருக்கு மின்னஞ்சல் வழியே எழுதினார். ஒரு வாரத்துள் நால்வரிடமிருந்து மறுமொழி வந்தது. பத்தாம் நாள், பணிவான இரண்டு வரியில் ஒருமுறை மட்டும் நினைவூட்டினார். மேலும் இருவர் மறுமொழி எழுதினர். ஏனையோர் எழுதவேயில்லை. அவர்களுக்கு மூன்றாம் முறை எழுதுதல் தகாது. இவ்வழியிற் பாதிப் பேர் மௌனமாயிருப்பதை இயல்பாகக் கொள்ள வேண்டும். அது கேட்டவரின் குறையைக் காட்டுவதன்று.

நான்காவது, சந்திப்பு. “உங்கள் வேலை எப்படி?” என்று கேட்டால், “பரவாயில்லை” என்றே மறுமொழி வரும். ஆதலால் ஐந்து கேள்விகளைக் கொப்பியில் எழுதிச் செல்லச் சொன்னோம். நேற்றுக் காலை கந்தோருக்குப் போனது முதல் மாலைவரை என்னென்ன செய்தீர்கள்? இவ்வேலையிற் சலிப்பூட்டும் பகுதி எது? உங்களிடத்திற் கடைசியாகச் சேர்ந்தவர் எவ்வழியாக வந்தார்? நான் செய்த இப்படத்தில் என்ன குறை காண்கின்றீர்கள்? இன்னும் யாரோடு நான் பேசினால் நன்று? முதற் கேள்வியே தலையாயது. தொழிலைப் பற்றிய பெருமையும் குறையும் கலவாமல், நாள் ஒன்றின் நடப்பு அதிலே வெளிப்பட்டுவிடும். கடைசிக் கேள்வியே வழியை நீட்டுவது. இருபதாம் நிமிடத்தில் எழுந்து விடைபெற வேண்டும். அவர் இருத்திப் பேசினால் இருக்கலாம். பெண்பிள்ளைகள் தொலைபேசியிலோ, கந்தோர் நேரத்திற் கந்தோரிலோ, துணை ஒருவரோடு சென்றோ பேசுக. வேறிடத்தில், வேறு நேரத்தில்தான் சந்திக்கலாம் என ஒருவர் வற்புறுத்தினால் அப்பெயரைக் கொப்பியிலிருந்து வெட்டிவிடுக.

தனியார் நில அளவையாளர் ஒருவர் தம்பியின் படத்தை உற்றுப் பார்த்து, “தம்பி, உம்முடைய மூன்று கிணறு கடலுக்குள்ளே நிற்குது” என்றாராம். கைத்தொலைபேசி உலகப் பொதுக் கணக்கில் இடத்தைக் குறிக்கும்; எம் நாட்டு நில அளவைப் படங்களோ இலங்கைக்கென வகுத்த கணக்கில் அமைந்தவை. ஒன்றை மற்றதற்கு மாற்றாமல் மேலே வைத்தாற் புள்ளிகள் இடம் பெயர்ந்துவிடும். பரீட்சகர் கண்ணுக்குத் தப்பிய இப்பிழை, தொழில் செய்பவரின் கண்ணில் ஒரு நிமிடத்திற் பட்டது. தம்பி நாணிப் போனார்; ஆயினும் இரண்டு கிழமையில் அதனைத் திருத்தி, திருத்திய படத்தை அவருக்கே அனுப்பினார். அன்று மாலையே எழுதும் நன்றிக் கடிதம் மரியாதைக்கு உரியது. சொன்ன யோசனையைச் செய்து முடித்தேன் என்று பின்னர் எழுதும் கடிதமே அவர் நினைவில் நிற்பது.

அந்நில அளவையாளர் காட்டிய பெயர்களுள் ஒன்று, கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றிற் படங்களையும் பதிவுகளையும் பேணுபவருடையது. முகமாலையில் வெடி அகற்றுவோரைத் தம்பி பேருந்து யன்னலூடாகப் பன்முறை கண்டவர். அவர்களுக்குப் பின்னால் ஒரு கந்தோரும், துப்புரவு செய்த ஒவ்வொரு துண்டு நிலத்தையும் படத்திற் பதியும் உத்தியோகத்தரும் உண்டென்பதை அறியாதவர். அங்கே அவர் கேட்ட செய்தி மிகப் பயனுடையது. இவ்வேலை வெளிநாட்டு உதவிப் பணத்தில் நடப்பது. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுவது. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 இற் சேர்ந்தது. 2018 இல் அது நடைமுறைக்கு வந்தபோது பத்தாண்டுத் தவணை தொடங்கிற்று. நிலம் துப்புரவாகத் துப்புரவாக வேலையும் குறையும். “இந்த வேலை முடிய வேண்டும் எண்டுதான் நாங்கள் எல்லாரும் வேலை செய்யிறம்” என்று அவர் சிரித்தாராம். பணம் எங்கிருந்து வருகின்றது, எத்தனை ஆண்டுக்கு வரும் என்னும் கேள்வியை அன்றுமுதல் தம்பி தம் கொப்பியில் ஆறாவதாகச் சேர்த்துக்கொண்டார்.

நீர் வழங்கல் சபைக்காரர் வேறொன்றைத் தெளிவாக்கினார். “ஐயா, என்னால் உமக்கு ஒரு பதவி எடுத்துத் தர ஏலாது, வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் வரும் அறிவித்தலைப் பாரும்” என்றார். அரசாங்க உத்தியோகத்தைப் பற்றி இதனை நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். பேச்சினால் அறியக்கூடியது அவ்வேலையின் தன்மை. அதற்குள் நுழையும் வாயில் அறிவித்தலிலே உள்ளது. வெள்ளிக்கிழமைதோறும் வெளிவரும் வர்த்தமானியை இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம். அதிலே பதவியின் பெயரை மட்டும் பார்ப்பது போதாது. எந்தப் பாடத்திற் பட்டம், எந்தத் திகதியில் வயது கணிக்கப்படும், எந்த விடயங்களிற் பரீட்சை, எப்போது முடிவுத் திகதி என்பவற்றைச் சொல்லுக்குச் சொல் வாசிக்க வேண்டும். திகதி ஒன்றைத் தவறவிட்டவருக்கு எச்சிபாரிசும் உதவாது.

ஒருவர் கூறுவது அவர் ஒருவரின் அனுபவமே. ஆதலின் ஒன்பது பேரோடு பேசி முடித்தபின், பட வேலைக்கான 20 விளம்பரங்களைச் சேர்த்து, அவற்றிற் திரும்பத் திரும்ப வரும் தகைமைகளை எண்ணும்படி தம்பிக்குச் சொன்னோம். மென்பொருட் பயிற்சியும் களத்தில் அளந்த அனுபவமும் பெரும்பாலானவற்றில் இருந்தன. ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் திறனும் அவ்வாறே இருந்தது. அதுவே தம்பி வெறுத்த பகுதி. எழுத்திலிருந்து தப்பும் தொழில் எதுவும் அங்கில்லை எனக் கண்டு, வாரம் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதித் திருத்துவிக்கத் தொடங்கினார்.

இவ்வழியில் இரு பள்ளங்கள் உண்டு. ஒன்று, வேலை கேட்கவில்லை என்று சொல்லிச் சென்று, பேச்சின் நடுவே வேலை கேட்டுவிடுதல். அவர் தாமாக ஒரு வெற்றிடத்தைச் சொன்னால், அடுத்த நாள் முறைப்படி விண்ணப்பிக்கலாம். அவர் சொல்லாதபோது நாம் கேட்பது சொற்பிழைத்தல் ஆகும். மற்றொன்று, காசு. அறிமுகம் செய்வதற்கோ, நேர்முகத்துக்கு அழைப்பதற்கோ எவரேனும் பணம் கேட்டால் பேச்சை அத்தோடு நிறுத்துக. வெளிநாட்டு வேலை என்றால், அம்முகவர் வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உடையவரா எனப் பணியகத்திலேயே விசாரித்துக்கொள்க.

தம்பிக்கு என்ன ஆயிற்று எனக் கேட்பீர்கள். ஐந்தாம் மாதத்தில், கடலுக்குள் கிணறு கண்ட நில அளவையாளர் தொலைபேசியில் அழைத்தார். தம்மிடம் ஆறு மாதப் பயிலுநர் இடம் ஒன்று உண்டு, சம்பளம் சிறிது, விண்ணப்பிக்க விருப்பமா என்றார். மூவர் விண்ணப்பித்தனர், தம்பி தெரிவானார். ரியூசனில் வந்த வருமானத்திலும் அச்சம்பளம் குறைவாயிருந்தது. தந்தையார் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சிறு சம்பளத்தைத் தாங்க வீட்டில் வழி இல்லாதவர் இவ்வாய்ப்பை ஏற்க முடியாது என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். இவ்வழி செய்தியைத் தரும். வறுமையை நீக்கித் தராது. பயிற்சி முடிந்தபின் தம்பி அங்கேயே நிலைத்தார். இன்றும் வர்த்தமானியை வெள்ளிதோறும் வாசிக்கின்றார்.

ஈற்றில், இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் பழைய மாணவர்களாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு நாள் உங்களுக்கும் இத்தகைய கடிதம் வரும். “சுயவிவரத்தை அனுப்பும், பார்ப்போம்” என்று மட்டும் எழுதாதீர்கள். அச்சொல்லை நம்பி ஒரு வீடு மாதக்கணக்காகக் காத்திருக்கும். நேரமில்லையேல் இல்லை என்று ஒரு வரி எழுதி, பேசக்கூடிய வேறொருவரின் பெயரைக் கொடுங்கள். நேரமிருந்தால், உங்கள் நேற்றைய நாளை உள்ளவாறு சொல்லுங்கள். சலிப்பையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சங்கத்தின் அங்கத்தவர் பதிவேட்டிற் பெயரும் விலாசமும் கற்ற ஆண்டும் உள்ளன. செய்யும் தொழிலுக்கு உரிய நிரல் பலருக்கு வெறுமையாகக் கிடக்கின்றது. தம்பிக்காக அதனைப் புரட்டியபோது இக்குறையைக் கண்டோம். அந்நிரலில் உத்தியோகப் பெயரை மட்டும் எழுதாது, நாளெல்லாம் என்ன செய்கின்றீர்கள் என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதி, ஆண்டுக்கு எத்தனை பேரோடு 20 நிமிடம் பேச இசைவீர்கள் என்பதையும் குறித்துவிடுங்கள். யூபிலி விழாவன்று மண்டப வாயிலில் அப்பதிவேட்டையும் ஒரு பேனையையும் வைத்துக்கொண்டு நாம் அமர்ந்திருப்போம்.